புகழ்ச்சியை எடுத்துவிட்டு நூலை எழுதுவோம்

(கைத்தறி நாளை ஒட்டிக் கும்மிடிப்பூண்டியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பொதட்டூர்பேட்டையிலிருந்தும் அம்மையார்குப்பத்திலிருந்தும் இவ்வளவு தூரம் பேருந்து மாறி வந்திருக்கும் நெசவாளர் குடும்பத்துப் பெரியவர்களே, கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களே, சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி நாள். 1905-இல் அதே நாளில்தான் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிறந்தது. அதை நினைத்து, முதல் கைத்தறி நாளை 2015-இல் நம் சென்னையில் கொண்டாடினார்கள். இந்த நாளில் மேடை ஏறுகிறவர்கள் கைத்தறியைப் புகழ்வது வழக்கம். நான் புகழ வரவில்லை. புகழ்ச்சி கைத்தறியின் விற்பனைக்கு எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். செல்பேசியில் சேலைப் படத்தின் கீழே நாம் எழுதுகிறோமே நான்கு வரி, அந்த நான்கு வரியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

அந்த நான்கு வரி எதற்காக? கடைக்குப் போகிற பெண் என்ன செய்கிறாள்? சேலையை விரிக்கிறாள். விரலுக்கிடையில் வைத்துத் தேய்க்கிறாள். திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறாள். கையில் தூக்கிக் கனம் பார்க்கிறாள். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் நிறம் பார்க்கிறாள். பிறகு கேட்கிறாள்: "சாயம் போகுமா? நீளம் இருக்குமா? ரவிக்கைத் துணி இருக்கா?" செல்பேசியில் வாங்குகிறவளால் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. அவள் கை செய்ய முடியாததை நம் எழுத்து செய்ய வேண்டும். செய்கிறதா?

நாம் வழக்கமாக எழுதுவதைப் படிக்கிறேன், கேளுங்கள். "கண்ணைக் கவரும் வண்ணத்தில், மனதை மயக்கும் வடிவமைப்பில், பாரம்பரியப் பெருமை சொல்லும் தூய கைத்தறிச் சேலை. மிக மென்மையானது. உடலுக்கு இதமானது. அழகிய கான்ட்ராஸ்ட் பார்டர். எல்லா விழாக்களுக்கும் ஏற்றது. நீளம் 6.20 மீட்டர். ட்ரை வாஷ் மட்டும்."

இதிலிருந்து அந்தச் சேலையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிந்தது? நூல் எதுவென்று தெரிந்ததா? நிறம் பச்சையா சிவப்பா என்று தெரிந்ததா? வீட்டில் துவைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததா? பெயரையும் நீளத்தையும் மாற்றிவிட்டு இதையே ஒரு படுக்கை விரிப்புக்குப் போட்டாலும் பொருந்தும். எந்தச் சேலைக்கும் பொருந்துகிற வரி இந்தச் சேலையை விற்காது.

துணியை அளந்து சொல்லி விற்பது நமக்குப் புதியதா? இல்லை. இங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதே துணிக்காகத்தான். சோழமண்டலக் கரையின் துணி அங்கிருந்து கப்பலேறி ஜாவாவுக்கும் மலாய் நாட்டுக்கும் போனது. வந்த ஆர்டர் எப்படி இருந்தது? "அழகான துணி அனுப்பு" என்று எவனும் எழுதவில்லை. இன்ன ரகம், இத்தனை முழ நீளம், இத்தனை முழ அகலம், இன்ன நிறம் என்று எழுதினார்கள். மாதிரித் துண்டை வைத்துக்கொண்டு வந்த சரக்கை அதோடு ஒப்பிட்டார்கள். அளவு குறைந்தால் விலையைக் குறைத்தார்கள், இல்லையென்றால் தள்ளினார்கள். நானூறு ஆண்டுக்கு முன்னால் கடல் கடந்து வாங்கியவனுக்குக் கிடைத்த விவரம், இன்று திருச்சியில் உட்கார்ந்து வாங்குகிற நம் சகோதரிக்குக் கிடைக்கவில்லையே!

சரி, திருத்துவோம். இப்போது படித்தேனே, அதே குறிப்பை எடுத்துக்கொள்வோம். அந்தச் சேலை நம் முன்னால் மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புகழ்ச் சொல்லையும் நிறுத்தி, "நீ எதற்காக வந்தாய்?" என்று கேட்போம். பதில் இருந்தால் அந்தப் பதிலை எழுதுவோம். பதில் இல்லையென்றால் அடித்துவிடுவோம்.

முதலில் "மிக மென்மையானது". எதனால் மென்மை? நெசவாளரைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்: "எண்பது நம்பர் நூல்." ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எண்பது வந்தால் அது 80 நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலியும், சேலை லேசாகும். வாங்குகிறவளுக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. "பாவும் ஊடையும் 80 நம்பர் பருத்தி நூல்" என்று எழுதினால் போதும். இரண்டாவது முறை வாங்கும்போது அவளே 60 நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வாள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தறியிலிருந்து வந்த பருத்திச் சேலையில் கஞ்சி இருக்கும், தொட்டால் மொடமொடவென்றிருக்கும். "மிக மென்மையானது" என்று படித்தவள் பொட்டலத்தைப் பிரித்ததும் என்ன நினைப்பாள்? ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். அதற்குப் பதிலாக "கஞ்சி போட்டது, புதிதில் விறைப்பாக இருக்கும், இரண்டு மூன்று துவைப்பில் தளரும்" என்று எழுதியிருந்தால், அந்த விறைப்பையே எதிர்பார்த்து வாங்குவாள். விறைப்பாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக விரும்பும் ஆசிரியைகள் எத்தனை பேர்! நாம் மறைத்த ஒன்றே அவர்களுக்கு வேண்டியதாக இருந்திருக்கும்.

நூல் நம்பரை எழுதுமுன் சரிபார்க்க வழி உண்டா? உண்டு. நூல் கட்டோடு வந்த சீட்டைப் பாருங்கள். அது இல்லையென்றால் சேலையைத் தராசில் வையுங்கள். 80 நம்பரில், நடுத்தர அடர்த்தியில் நெய்த, ரவிக்கைத் துணியோடு கூடிய சேலை கஞ்சியும் சேர்த்து 400 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். அதே அடர்த்தியில் 60 நம்பர் என்றால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். குறிப்பில் 80 என்று இருந்து தராசில் 550 காட்டினால், யாரோ எங்கோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுவதை நிறுத்திவிட்டுச் சங்கத்துக்குப் போன் போடுங்கள். அந்த எடையையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். கடையில் சேலையைத் தூக்கிப் பார்க்கிற கைக்குப் பதில் அதுதான்.

அடுத்து "தூய". தூய என்றால் என்ன? தூய பருத்தியா, தூய பட்டா? இந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு குழப்பம்! சில்க் காட்டன் என்று எழுதுகிறோம். பாவு பட்டு, ஊடை பருத்தி என்றால் அப்படியே எழுதுங்கள். ஆர்ட் சில்க் பட்டு அல்ல, அது செயற்கை இழை. அதைச் "சில்க்" என்று மட்டும் எழுதுவது பொய். சந்தேகம் வந்தால் முந்தியின் குஞ்சத்திலிருந்து ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து உதிரும் சாம்பலாகும். பட்டு, முடி கருகுகிற வாசனை தரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஆனால் ஆர்ட் சில்க் ரேயானாகவும் இருக்கலாம், அதுவும் பருத்தியைப் போலவே எரியும். ஆகவே கொளுத்திப் பார்த்தால் பட்டு இல்லை என்று தெரியுமே தவிர, பருத்திதான் என்று உறுதியாகாது. அதற்கு நூல் சீட்டுதான் சாட்சி.

அடுத்த சொல் "கைத்தறி". இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்து நெசவு ஊர்களில் கைத்தறியும் உண்டு, விசைத்தறியும் உண்டு. ஒரே தெருவில் இரண்டு சத்தமும் கேட்கும். விசைத்தறித் தொழிலாளியும் உழைத்துத்தான் நெய்கிறார், அவர் நெய்தது மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கைத்தறிச் சேலைக்கு நாள் கணக்கில் கால் மிதிக்கிறவர் இருக்க, அந்த ஒரு சொல்லைத் திருடி விசைத்தறிச் சேலைக்கு ஒட்டினால், யார் வயிற்றில் அடிக்கிறோம்? கைத்தறி முத்திரைத் திட்டம் 2006-இல் வந்ததே இதற்காகத்தான். முத்திரை இருந்தால், இருக்கிறது என்று எழுதுங்கள். எந்த ஊரில், எந்தத் தறியில் நெய்தது என்று எழுதுங்கள். தெரியவில்லையா? தெரியும்வரை "கைத்தறி" என்று எழுதாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "சிறு குறைகள் கைத்தறியின் அழகு" என்று எல்லாக் குறிப்பின் அடியிலும் ஒட்டுகிறோம். எது இயல்பு, எது குறை? இழை அறுந்து முடிபோட்ட இடத்தில் பின்பக்கம் ஒரு சிறு முடிச்சு தெரிவது இயல்பு. தறியில் அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கம்பின் முனை குத்திய சிறு துளைகள் ஓரத்தில் வரிசையாக இருப்பதும் இயல்பு. ஆனால் ஊடை விட்டுப்போய் உடலில் சந்து விழுந்திருந்தால் அது குறை. எண்ணெய்க் கறை குறை. குறை இருந்தால் அதைப் படமெடுத்துப் போட்டு, விலையைக் குறைத்து விற்க வேண்டும். அழகு என்று பெயர் சூட்டி விற்கக் கூடாது.

இப்போது "அழகிய கான்ட்ராஸ்ட் பார்டர்". நம் மேசைமேல் உள்ள சேலையில் கரை அரக்கு நிறம், உடல் மயில் கழுத்து நிறம். மயில் கழுத்து எப்படி வந்தது? பாவு பச்சை, ஊடை நீலம். மடிப்பு அசையும்போது ஒரு பக்கம் பச்சை அடிக்கும், ஒரு பக்கம் நீலம் அடிக்கும். படத்தில் இதில் ஏதாவது ஒன்றுதான் விழும். நீலம் விழுந்த படத்தைப் பார்த்து வாங்கியவள், பச்சை அடிக்கிற சேலை வந்ததும் திருப்பி அனுப்புகிறாள். "பாவு பச்சை, ஊடை நீலம், அசைவில் இரண்டும் தெரியும்" என்ற ஒரு வரி அந்தத் திரும்புதலைத் தடுத்திருக்கும்.

கரையைப் பாருங்கள். இது கோர்வையா? கோர்வை என்றால் கரைக்குத் தனி ஊடை. கரையும் உடலும் சேருமிடத்தில் இரண்டு ஊடையையும் கோத்து வாங்குவார்கள். அதற்குக் கூடுதல் நாடா வேண்டும், பெரும்பாலும் கூட ஓர் ஆளும் வேண்டும், கூலியும் கூடும். கோர்வையில் அரக்கு சுத்தமான அரக்காக நிற்கும். கோர்வை இல்லையென்றால் உடலின் நீல ஊடை கரைக்குள்ளும் ஓடும். அப்போது அரக்கில் நீலம் கலந்து, வெயிலில் லேசாகக் கத்தரிப்பூ நிறம் தட்டும். நம் சேலை அப்படித்தான் இருக்கிறது. அதனால் என்ன? அது குறையே அல்ல. விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். "கோர்வை அல்ல, உடலின் நீல ஊடை கரையிலும் ஓடுவதால் அரக்கில் கத்தரி நிறம் தட்டும்" என்று எழுதுங்கள். கோர்வைக்குக் கூடுதல் விலை ஏன் என்று அப்போதுதான் வாங்குகிறவளுக்கும் புரியும். அந்த நெசவாளிக்கும் அது நியாயம்.

இனி அளவுக்கு வருகிறேன். இருக்கிற வரிகளிலேயே உண்மை போலத் தெரிவது "நீளம் 6.20 மீட்டர்" என்ற வரிதான். அதிக வருத்தம் தருவதும் அதுதான். எதன் நீளம்? ரவிக்கைத் துணி சேர்த்தா, சேர்க்காமலா? நாடாவைப் போட்டு அளந்து பார்த்தால், கடைசி 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி. அதை வெட்டினால் சேலை 5.40 மீட்டர். ஆறு கஜம் என்பது 5.49. பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினால் இன்னும் 16 சென்டிமீட்டர் போகும், மிஞ்சுவது 5.24. ஆறு கஜத்துக்கு 25 சென்டிமீட்டர் குறைகிறது. கொசுவத்தில் ஒரு மடிப்பு அப்படியே போய்விட்டது. கொஞ்சம் பருமனான அம்மா ஒருவர் இதைக் கட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? முந்தி தோளைத் தாண்டி இறங்காது. இதில் எங்கேயும் பொய் இல்லை, 6.20 என்பது உண்மைதான். ஆனாலும் ஏமாந்தது யார்?

ஆகவே இரண்டையும் பிரித்து எழுதுங்கள். அகலத்தையும் எழுதுங்கள், அதை அநேகமாக யாரும் எழுதுவதே இல்லை! 1.15 மீட்டர் அகலத்துக்கும் 1.20 மீட்டருக்கும் இடையில் இருப்பது நான்கு விரல்கூட இல்லை. உயரமான பெண்ணுக்கு அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் சேலை பாதத்தை மூடுவதும் கணுக்கால் தெரிவதும் இருக்கிறது. மேசையில் சேலையை இழுக்காமல் பரப்பி, ஓரத்தில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், முந்தியில் ஒரு இடம் என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எழுதுங்கள்.

கடைசியாகத் துவைப்பு. "ட்ரை வாஷ் மட்டும்." ஏன் இப்படி எழுதுகிறோம்? பயம்தான் காரணம். வீட்டில் துவைத்துச் சாயம் போனால் நம்மைக் கேட்பார்கள் என்ற பயம். தினமும் வேலைக்குக் கட்டுகிற பருத்திச் சேலையை யார் ஒவ்வொரு முறையும் கடையில் கொடுத்து வெளுப்பார்கள்? இந்த அரங்கில் இருக்கிற தங்கைகளே சொல்லுங்கள், அந்த வரியைப் பார்த்ததும் அடுத்த படத்துக்குத்தானே விரலைத் தள்ளுவீர்கள்?

துவைப்புக் குறிப்பு இல்லாததால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு சங்கதி நம் ஊர்த் துணிக்கே நடந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டு. கேப்டன் கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவியவர், அப்போது கைத்தறி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரிக்கு மெட்ராஸ் கட்டத் துணியை விற்றார். குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று சொல்லித்தான் விற்றதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் வழியில் நின்றுவிட்டது. நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடை அந்தத் துணியில் உடை தைத்து விற்றது, துவைப்புக் குறிப்பு இல்லை. வாங்கியவர்கள் வழக்கம்போல் மிஷினில் போட்டார்கள். சாயம் ஓடியது. வழக்குப் போடும் அளவுக்குப் பேச்சு வந்தது. பிறகு, சாயம் ஓடுவதையே இந்தத் துணியின் தனித்தன்மை என்று விளம்பரம் செய்து மீண்டார்கள். அவர்களிடம் பெரிய விளம்பர நிறுவனம் இருந்தது, நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது அந்த ஒரு வரிதான்: "குளிர்ந்த நீரில், தனியாக."

அந்த வரியை எழுதுமுன் நாமே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைப் பருத்தித் துணியைச் சோப்பு நீரில் நனைத்து, சேலையின் உள்முனையில் ஒவ்வொரு நிறத்தின்மீதும் சற்று நேரம் அழுத்தி வையுங்கள். துணியில் நிறம் ஏறினால் அதை எழுதிவிடுங்கள்: "அரக்குக் கரையில் முதல் சில துவைப்பில் நிறம் வரும், தனியாக அலசவும்." உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எழுதாதீர்கள். சாயம் நிற்பதும் நிற்காததும் சாயப்பட்டறையிலேயே முடிந்துபோன காரியம். எந்தச் சாயம், சாயமிட்டபின் எவ்வளவு நன்றாக அலசினார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. ஜரிகையைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். நம் சேலையின் கரையில் இருப்பது செம்பு இழையில் வெள்ளிப் பூச்சுக் கொண்ட டெஸ்டட் ஜரிகை. ஈரத்தோடு மடித்து வைத்தாலும் சென்ட் பட்டாலும் கறுக்கும்.

இப்போது திருத்திய குறிப்பை முழுதாகப் படிக்கிறேன்.

"பருத்திக் கைத்தறிச் சேலை, அம்மையார்குப்பத்தில் நெய்தது. பாவும் ஊடையும் 80 நம்பர் நூல். எடை சுமார் 400 கிராம். பாவு பச்சை, ஊடை நீலம். அசைவில் இரண்டும் தெரியும். அரக்குக் கரை ஒரு பக்கம் 4 அங்குலம், மறுபக்கம் 2 அங்குலம். கோர்வை அல்ல, ஆகவே கரையில் கத்தரி நிறம் தட்டும். கரையில் டெஸ்டட் ஜரிகை. சேலை 5.40 மீட்டர், கூடவே அதே நிறத்தில் ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர். அகலம் 1.18 மீட்டர். முதல் துவைப்பில் சற்றுச் சுருங்கும். கஞ்சி போட்டது; இரண்டு மூன்று துவைப்பில் தளரும். வீட்டிலேயே குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில், தனியாகத் துவைக்கலாம். நிழலில் உலர்த்தவும். ஜரிகை கறுக்காமலிருக்க நன்கு காய்ந்தபின் பருத்தித் துணியில் சுற்றி வைக்கவும்."

இதில் "அழகு" என்ற சொல் எங்கே? இல்லை. ஆனால் சேலை கண்முன் வந்துவிட்டதா இல்லையா? பழைய குறிப்பைவிட இது நீளம்தான். நீளமாக இருந்தால் படிக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பணம் கொடுக்கப் போகிறவள் தனக்கு வேண்டிய விவரத்தை எவ்வளவு நீளமானாலும் படிப்பாள். வேண்டாத புகழ்ச்சியைத்தான் ஒரு வரியானாலும் தாண்டுவாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விவரங்களை எழுதுகிறவர் தாமாகக் கண்டுபிடிக்க முடியாது. நீளம், அகலம், எடையை அளக்கலாம், சாயத்தைச் சோதிக்கலாம். ஆனால் நூல் நம்பரும் சாயமும் ஜரிகை ரகமும் தறி வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். சேலை அங்கிருந்து சங்கத்துக்குப் போய், வியாபாரிக்குப் போய், படமெடுக்கிற இடத்துக்கு வருவதற்குள் அந்த விவரமெல்லாம் வழியில் உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த இடத்தை நிரப்பத்தான் "கண்ணைக் கவரும்" வருகிறது.

ஆகவே என் வேண்டுகோள் எழுதுகிறவர்களைவிட, முன்வரிசையில் இருக்கும் சங்கச் செயலாளர்களுக்கும் நெசவாளப் பெரியவர்களுக்கும்தான். தறியிலிருந்து சேலையை அறுக்கிற அன்றே ஒரு சிறு அட்டையில் எழுதிவிடுங்கள்: பாவு நூல், ஊடை நூல், சாயம் எந்தப் பட்டறை, ஜரிகை எந்த ரகம், கோர்வை உண்டா இல்லையா, நீளம், அகலம். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அந்த அட்டையைச் சேலையின் மடிப்புக்குள் வைத்து அனுப்புங்கள். அட்டை இல்லாத சேலைக்குக் குறிப்பு எழுத மாட்டோம் என்று எழுதுகிற பிள்ளைகளும் உறுதியாகச் சொல்லுங்கள்.